கதவு திறந்தால் மட்டும் பேசிய ஒலிபெருக்கி: ஒரு சிறுகதை, சில சந்தேகங்கள்

செங்காந்தள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் அப்பா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன வண்டிக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் நான். இந்தக் கதை அவருடையதல்ல, கற்பனை. ஆனால் பழுதைத் தேடும் பகுதி பொய்யாக இருந்தால் கதையே விழுந்துவிடும். மின்வேலை தெரிந்தவர்கள், பேருந்தில் வேலை செய்தவர்கள் படித்துவிட்டு, எங்கே தவறு என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

*

ஒன்பது நாளாக அந்த வண்டி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநரின் தலைக்குமேல் இருந்த பலகையில் சிவப்பு எழுத்துகள் நகர்ந்தன. நந்தனம், தேனாம்பேட்டை என்று ஒவ்வொன்றாக வந்து போயின. குரல் மட்டும் இல்லை.

தங்கராசு முதல் நாளே குறைப் பதிவேட்டில் எழுதிவிட்டான். பணிமனையில் ஆம்ப்ளிபயரையே மாற்றினார்கள். மறுநாள் இரண்டு நடை நன்றாகப் பேசியது. மூன்றாவது நடையில் தேனாம்பேட்டையைப் பாதியில் விழுங்கிவிட்டு நின்றது. மறுபடி எழுதினான். "பரிசோதித்தோம், சரியாக இருக்கிறது" என்று எதிரே எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காலையில் வண்டியை எடுக்கும்போது தங்கராசுவும் கேட்டான். நின்ற வண்டியில் குரல் கணீரென்றுதான் வந்தது.

வெங்கடேசன் ஐயா தினமும் காலை எட்டரை வண்டியில் சைதாப்பேட்டையில் ஏறுவார். வெள்ளைக் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முன்கதவுக்கு அடுத்த இருக்கையில் உட்காருவார். இறங்குவது டி.எம்.எஸ். நிறுத்தத்தில்.

"என்ன தம்பி, உங்கள் வண்டிக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லையா?"

"நான் சொல்கிறேன் ஐயா. நீங்கள் கவலைப்படாதீர்கள்."

எட்டு நாளும் சொன்னான். ஒன்பதாவது நாள் கூட்டம். பின்கதவுப் பக்கம் ஒரு கல்லூரி மாணவனுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வண்டி மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் ஐயா எழுந்து நின்று கம்பியைப் பிடித்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆயிரம் விளக்கில் இறங்கி, கோலை விரித்து, திரும்பி நடந்தார்.

அன்று பிற்பகல் நடையில்தான் தங்கராசு கவனிக்க ஆரம்பித்தான். குரல் முழுதாகச் சாகவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசித் துண்டு மட்டும் கேட்டது. "...நிறுத்தம்." "...வழியாக இறங்கவும்." எப்போது வருகிறது? பள்ளத்தில் விழும்போதா? இல்லை, வேகத்தடையில் வண்டி குதித்தபோதும் மௌனம்தான். பிரேக் போடும்போதா? அப்போதும் இல்லை. கதவு 'புஸ்' என்று திறந்த அதே நொடியில் வருகிறது. மூடினால் அறுந்துபோகிறது.

எல்.ஐ.சி.க்கு முன் சிக்னலில் வண்டி நின்றது. ஓட்டுநர் பழனியிடம் போனான். "அண்ணா, மைக்கில் பேசிக்கொண்டே இருங்கள். பின்கதவை மட்டும் ஒருமுறை திறந்து மூடுங்கள்."

பழனி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மௌனம்.

"இப்போது முன்கதவு."

"மூன்று, நான்கு" என்ற குரல் கூரையிலிருந்து நான்கு இடத்திலும் ஒன்றாக விழுந்தது. கதவு மூடியதும் ஐந்து காணாமல் போனது.

பாரிமுனையில் இருபது நிமிடம் இருந்தது. பழனி இன்ஜினை நிறுத்தி, பேட்டரியின் பிரதான சுவிட்சையும் அணைத்தார். தங்கராசு நேரக் காப்பாளர் அறையின் சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒரு பேட்டரியை இரவல் வாங்கி வந்தான். முன்கதவுக்கு மேலிருந்த பலகையைத் திறந்தபோது பல மாதத் தூசி முகத்தில் கொட்டியது. உள்ளே கதவை இயக்கும் உருளை, அதன் இரும்புக் கை, கறுத்த காற்றுக் குழாய்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கம்பிக்கட்டு. அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் பட்டை அறுந்து தொங்கியது. கம்பிகள் சரிந்து இரும்புக் கையின் வழியில் கிடந்தன. கதவு மூடும்போதெல்லாம் அந்தக் கை அவற்றை ஒரு விரற்கடை இழுத்திருக்கிறது. இழுத்த இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

கம்பிகளைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு வெள்ளை இணைப்பான். ஒரு பக்கம் ஆம்ப்ளிபயருக்கு, மறுபக்கம் ஒலிபெருக்கிகளுக்கு, ஆளுக்கு இரண்டு கம்பி. பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. நாக்கை அழுத்திப் பிரித்தான். ஒலிபெருக்கிப் பக்கத்து இரண்டு முனைகளிலும் கடிகார பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தான். கூரை நெடுகிலும் "டப்" என்றது. நான்கும் உயிரோடு இருக்கின்றன. அப்படியானால் கோளாறு கையில் இருக்கும் மறு பாதியில்.

அந்தப் பாதியின் கம்பிகளை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தான். சிவப்பு அசையவில்லை. கறுப்பு, வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வெளியே வந்தது. அதன் முனையில் ஒரு சின்னப் பித்தளைக் கூடு. அதன் முதுகில் நெல்லின் உமி அளவுக்கு ஒரு நாக்கு, நிமிர்ந்து நிற்க வேண்டியது, படுத்துக் கிடந்தது. ஊசி நுனியால் அதைத் தூக்கிவிட்டு மறுபடி செருகினான். "டிக்." இழுத்தான். வரவில்லை. கம்பிக்கட்டைக் கதவின் கைக்கு எட்டாமல் சணலால் உயர்த்திக் கட்டினான்.

மறுநாள் காலை நந்தனம் தாண்டியது. தேனாம்பேட்டை தாண்டியது. அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தான். கூரை முந்திக்கொண்டது. வெங்கடேசன் ஐயா கோலை விரித்தார்.

---

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்

அம்மா, இருபத்தாறு ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் மின்பிரிவில் வேலை பார்த்தவன் நான். உங்கள் கதையில் வரும் பழுது உண்மையான பழுது. இணைப்பான் வெளியே இறுகியிருக்கும், உள்ளே ஒரு முனை மட்டும் பின்னால் நழுவியிருக்கும். ஆம்ப்ளிபயரை மாற்றியதும் இரண்டு நடை பேசியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் யாரோ தொழிலாளி சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். மாற்றும்போது கம்பியை அசைத்திருப்பார்கள். நழுவிய முனை சற்று உள்ளே போய் ஒட்டியிருக்கும். புதுப் பொருள் போட்டதால் சரியானது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். நானே அப்படி ஏமாந்து, நல்ல பெட்டியைக் கழற்றி ஓரம் வைத்திருக்கிறேன்.

பணிமனையில் ஏன் அகப்படவில்லை என்பதும் சரி. இரவில் வண்டியைக் கதவு திறந்தபடிதான் நிறுத்துவோம். ஓடும்போது கதவு மூடியிருக்கும். பழுது வரும் நிலையில் நாங்கள் வண்டியைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு வயிறு கலங்கியது. பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவின் பொறிக்குள் கையை விடுகிறான். கதவு மின்சாரத்தால் நகர்வதில்லை, காற்றழுத்தத்தால் நகர்கிறது. மின்சாரத்தை அணைத்தாலும் தொட்டியிலும் குழாயிலும் காற்று அப்படியே இருக்கும். வால்வு ஏதாவது காரணத்தால் இடம் மாறினால் அந்த இரும்புக் கை ஒரே வீச்சில் வரும். விரல் அங்கே இருந்தால் விரல் போகும். கதவுக்கு மேலே அவசரத் திருகு இருக்கும். முதலில் அதைத் திருப்பி, உருளையிலிருந்து காற்று வெளியேறும் சத்தம் நின்ற பிறகு, கதவைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். தளர்வாக ஆடினால்தான் உள்ளே கை வைக்கலாம். இதை எழுதாமல் விடாதீர்கள். படித்துவிட்டு யாராவது அப்படியே செய்வார்கள்.

---

செங்காந்தள்

ஐயா, இதற்காகத்தான் இங்கே போட்டேன். காற்றைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த இடத்தை மாற்றி எழுதுகிறேன். 'புஸ்' என்ற சத்தத்தை முன்பே எழுதிவிட்டு அதன் பொருளை மறந்திருக்கிறேன்.

---

கார் ஒலி கார்த்தி

நான் கார்களுக்கு ஒலிப்பெட்டி பொருத்துகிறேன். கதை பிடித்திருந்தது. ஆனால் நடத்துநர் சுற்றி வளைக்கிறார். இணைப்பானைப் பிரிக்கவே வேண்டாம். ஆம்ப்ளிபயரிலிருந்து வரும் கறுப்புக் கம்பி எப்படியும் பாடியோடு சேர்ந்ததுதான். பாட்டு ஓடும்போது ஒலிபெருக்கியின் கறுப்பு முனையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியைப் பேருந்தின் இரும்பில் தொட்டால், பேசினால் கறுப்பில் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, முனையைச் செருகிவிட்டுப் போவது தற்காலிகம். கம்பியோடு சேர்த்து ஈயம் வைத்துவிட்டால் ஆயுளுக்கும் பிரச்சினை இல்லை.

மற்றொரு குறிப்பு: ஊசியால் தூக்கிச் செருகும்போது சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிடக் கூடாது. ஒரு ஒலிபெருக்கியில் மட்டும் மாறினால், அதற்கும் பக்கத்ததற்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் குரல் மெலிந்து, சதையில்லாமல் கேட்கும்.

---

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்

தம்பி, கடைசியில் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் இந்தக் கதையில் பிரச்சினை நான்குக்கும் பொதுவான இணைப்பானில். அங்கே மாறினால் நான்கும் சேர்ந்து மாறும். காதுக்கு வித்தியாசம் தெரியாது.

முதலில் சொன்னதை யாரும் செய்ய வேண்டாம். பழைய வானொலிப் பெட்டிகளில் கறுப்பு பாடியோடு சேர்ந்திருக்கும். இப்போது வண்டியில் வரும் பெரும்பாலான ஆம்ப்ளிபயர்களில் ஒலிபெருக்கிக்குப் போகும் இரண்டு கம்பியுமே உயிருள்ளவை. மீட்டரின் ஒரு முனையைப் பாடியிலும் மறு முனையை எந்தக் கம்பியில் வைத்தாலும் அந்த ஆம்ப்ளிபயருக்கு வரும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி காட்டும். இரண்டிலும் ஒரே அளவு இருப்பதால்தான் ஒலிபெருக்கி சும்மா இருக்கிறது. ஒன்றைப் பாடியில் தொட்டால் பெட்டி தன்னைக் காத்துக்கொண்டு அணையும், இல்லையென்றால் எரியும். கடிகார பேட்டரி முறைதான் இங்கே பாதுகாப்பானது. அதையும் இணைப்பானைப் பிரித்த பிறகு, ஒலிபெருக்கிப் பக்கத்தில் மட்டும், தொட்டு எடுக்க வேண்டும். அழுத்திப் பிடிக்கக் கூடாது. கதையில் அப்படியே இருக்கிறது.

ஈயம் வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஈயம் கம்பி இழைகளுக்குள் ஊறிப்போய் அந்த இடத்தை ஆணி மாதிரி விறைப்பாக்கும். ஓடுகிற வண்டியில் அதிர்வு முழுவதும் அந்த விறைப்பு முடியும் இடத்தில் வந்து நிற்கும். சில மாதத்தில் உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருக்கும், வெளியே தெரியாது. கருவியால் நெரித்துப் பொருத்திய முனையும், கம்பியை அரையடிக்கு ஒருமுறை பிடித்துவைத்த கட்டும் போதும்.

---

கார் ஒலி கார்த்தி

உயிருள்ள இரண்டு கம்பி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். என் கடையில் ஒரு பெட்டி காரணம் தெரியாமல் போனது. இப்போது காரணம் தெரிகிறது. ஈயத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈயம் வைத்த இடத்துக்கு மேல் சுருங்கும் குழாயைப் போட்டு, கம்பியை அசையாமல் கட்டினால் பல வருடம் நிற்கிறது. நானே பார்த்திருக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்

காரில் நிற்கலாம் தம்பி. நாள் முழுக்க ஓடும் நகரப் பேருந்தில் எனக்கு நின்றதில்லை.

---

பள்ளி மணி

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டின்போது மைக்கைப் பிடித்தாலே "கூ" என்று ஊளையிடுகிறது. இதுவும் இணைப்பான் தளர்ந்ததால்தானா? எந்தக் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும்?

---

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்

இல்லை ஐயா, அது வேறு நோய். ஒலிபெருக்கியின் குரலையே மைக் மறுபடி வாங்குகிறது. மைக் நிற்கும் இடத்துக்குப் பின்னால் பெட்டிகள் இருந்தால் முன்னால் நகர்த்தி, மாணவர்கள் பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள். கம்பியைத் தொட வேண்டாம்.

---

பனித்துளி

நான் முழுப் பார்வையிழந்தவள். திரைவாசிப்பான் மூலம் கதையைக் கேட்டேன். இதே சாலையில் பல ஆண்டுகள் வேலைக்குப் போய் வந்தேன்.

மேம்பால இடம் சரியாக வந்திருக்கிறது. டி.எம்.எஸ்.ஸில் இறங்க வேண்டியவருக்கு அண்ணா மேம்பாலத்தின் ஏற்றம் காலில் தெரிந்தால், நிறுத்தம் போய்விட்டது என்று பொருள். இருக்கை லேசாகப் பின்னால் சாயும். அந்தச் சாய்வு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அறிவிப்பு இல்லாத காலத்தில் இப்படித்தான் திருப்பம், ஏற்றம், சிக்னல் என்று எண்ணிக்கொண்டு போவோம். கட்டுமானப் பணிக்காக வழியை மாற்றும் நாளில் அந்தக் கணக்கு முழுவதும் உடைந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். முழு மௌனத்தைவிட அந்தக் கடைசித் துண்டுதான் எங்களுக்கு ஆபத்து. "...நிறுத்தம்" என்று மட்டும் கேட்டால், எந்த நிறுத்தம் என்று தெரியாமல் எழுந்துவிடுவோம். மௌனமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். அரைக்குரல் வந்தால், பெயரை நாம்தான் கவனிக்கத் தவறிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம். நான் அப்படி ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, மழையில் சாலை கடக்க ஆள் கிடைக்காமல் நின்றிருக்கிறேன். அதோடு, பெயர் கதவு திறந்த பிறகு வந்து பயனில்லை. நிறுத்தத்துக்கு முன்பே வந்தால்தான் கோலை விரித்து, கூட்டத்தை விலக்கி, கதவுக்கு வர முடியும்.

வெங்கடேசன் ஐயா அந்தத் துண்டுகளைக் கேட்டிருப்பார். நாள் முழுவதும் காதால் வாழ்பவர். கதவோடு சேர்ந்து குரல் வருவதை நடத்துநருக்கு முன்பே அவர் கண்டுபிடித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரை உதவி வாங்குபவராக மட்டும் உட்கார வைத்திருக்கிறீர்கள். அது எனக்கு வலித்தது.

---

செங்காந்தள்

பனித்துளி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன். அவர் முன்கதவுக்கு அடுத்த இருக்கையில்தான் உட்காருகிறார், நான்தான் அங்கே உட்கார வைத்தேன். பத்து அடி தள்ளி இருக்கும் நடத்துநருக்குக் கேட்டது அவருக்குக் கேட்காமல் இருக்குமா? கதவைப் பற்றிய முதல் சொல்லை அவர் சொல்ல வேண்டும். பின்கதவையும் முன்கதவையும் தனித்தனியே சோதிக்கும் யோசனை மட்டும் தங்கராசுவுடையதாக இருக்கட்டும்.

---

நடத்துநர் முத்து

நான் இப்போது பணியில் இருப்பவன். கதையில் அந்த 'நான் சொல்கிறேன் ஐயா' உண்மை. ஒலிபெருக்கி வேலை செய்யாவிட்டால் எங்கள் தொண்டைதான் ஒலிபெருக்கி. கூட்ட நேரத்தில் டிக்கெட், சில்லறை, படியில் தொங்குபவர்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்தையும் கத்துவது நடக்கிற காரியமில்லை. தங்கராசு தவறவிட்ட அந்த ஒரு நிறுத்தம் எனக்கும் நடந்திருக்கிறது. அவர் முகம் மறக்கவில்லை.

ஆனால் நான் பலகையைத் திறக்க மாட்டேன். அது என் வேலை இல்லை என்பதால் மட்டும் அல்ல. நான் தொட்ட பிறகு அந்தக் கதவு வழியில் திறந்துகொண்டால், படியில் நின்றவர் விழுந்தால், யார் பொறுப்பு? நானும் ஓட்டுநரும்தான். நான் செய்திருக்கக்கூடியது ஒன்று: பதிவேட்டில் 'ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை' என்று எழுதாமல், 'முன்கதவு மூடியிருக்கும்போது ஒலி இல்லை, திறந்தால் வருகிறது, பின்கதவால் மாற்றம் இல்லை' என்று எழுதுவது.

---

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்

முத்து தம்பி, நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி எங்கள் கைக்கு வந்திருந்தால் ஆம்ப்ளிபயரைத் தொட்டிருக்கவே மாட்டோம். நேரே முன்கதவுப் பலகையைத்தான் திறந்திருப்போம். பதிவேட்டில் எங்களுக்கு வருவது பெரும்பாலும் மூன்று சொல். நூறு வண்டி வரிசையில் நிற்கும்போது மூன்று சொல்லை வைத்துக்கொண்டு என்ன தேடுவது?

---

பனித்துளி

முத்து அவர்களே, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் ஒன்பது நாள் என்பது எனக்கு ஒன்பது நாள் போகும், வரும் பயணம். போக்குவரத்து எங்களுக்கு அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பிரேக் பழுதென்றால் வண்டியை வெளியே விடமாட்டார்கள். குரல் பழுதென்றால் ஓடுகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஏதாவது ஒரு எல்லை இருக்க வேண்டும் அல்லவா? எத்தனை நாள்?

---

நடத்துநர் முத்து

அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. எல்லை வைக்கும் இடத்தில் நான் இல்லை. பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான்.

---

கார் ஒலி கார்த்தி

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அந்தப் பித்தளை நாக்கு ஏன் படுத்தது? கதவின் கை இழுத்து இழுத்துத்தான் படுத்ததா, அல்லது முதலில் பொருத்தியவர் முழுதாக உள்ளே தள்ளாமல் விட்டாரா?

---

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்

கதையில் இருக்கும் விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது. சிவப்பும் அதே இழுப்பை வாங்கியிருக்கிறது, அது நின்றிருக்கிறது. அதனால் முதல் நாளே அரைகுறையாகச் செருகியதாக இருக்கலாம் என்று என் மனம் சொல்கிறது. ஆனால் கறுப்பு ஒரு விரற்கடை குட்டையாக வெட்டப்பட்டிருந்தால் இழுப்பு முழுவதும் அதன் மேலேயே விழுந்திருக்கும். இரண்டையும் நான் கண்டிருக்கிறேன்.

எப்படி இருந்தாலும் ஒருமுறை படுத்த நாக்கைத் தூக்கி நிமிர்த்தினால் பழைய விறைப்பு வராது. தங்கராசு செய்தது சில நாளைக்குத்தான் தாங்கும். மறுநாள் பணிமனையில் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது நெரிக்க வேண்டும். செருகிய பிறகு இணைப்பானின் வாயை முன்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று அரிசியளவு உள்வாங்கியிருந்தாலும் அது மறுபடி நழுவும்.

---

செங்காந்தள்

இன்றிரவு திருத்தி எழுதுகிறேன். காற்றை வெளியேற்றுவது, வெங்கடேசன் ஐயா கதவைப் பற்றிச் சொல்வது, பதிவேட்டில் தங்கராசு எழுதும் அந்த நீண்ட வரி, மூன்றும் வரும். முத்து அவர்கள் கேட்ட பொறுப்புக் கேள்விக்குத்தான் கதைக்குள் எப்படி இடம் கொடுப்பது என்று தெரியவில்லை. பலகையைத் திறப்பதற்கு முன் பழனி அண்ணன் அதைக் கேட்கலாம். தங்கராசு பதில் சொல்லாமல் நிற்கலாம்.

---

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன்

பழனி கேட்கட்டும் அம்மா. கேட்டுவிட்டு, அவசரத் திருகை அவரே திருப்பட்டும். அது ஓட்டுநர் கைக்கு உரிய வேலை. அந்த 'ஸ்...' சத்தம் முழுதாக அடங்கும்வரை இருவரும் பேசாமல் நிற்கட்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.